மொத்தமா எவ்வளவு ஆகும்?

“மொத்தமா ஒரு ரேட் சொல்லிடுங்க, பட்ஜெட் போட வசதியா இருக்கும்.” தனியாக வேலை எடுத்துச் செய்யும் டிசைனர்களுக்கு இந்தச் செய்தி அடிக்கடி வரும். கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரியாமல் யாரும் ஒரு வேலையைத் தொடங்கத் தயங்குவார்கள். ஆனாலும் சில டிசைனர்கள் இதற்கு, “மணிக்கணக்கில் வைத்துக்கொள்ளலாமா?” என்று பதில் எழுதுகிறார்கள். அந்தப் பதிலைப் பாதியாக எழுதினால் வாடிக்கையாளர் அங்கேயே கழன்றுகொள்வார். முழுமையாக எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் நட்டமில்லாத ஏற்பாடாக அமையும். அந்தப் பதிலில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

ஒரு வேலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பலகாரங்களைச் சிறிய அளவில் செய்து விற்றுவந்த ஒருவர், இப்போது கடைகளுக்குப் பாக்கெட்டில் போட நினைக்கிறார். முறுக்கு, தட்டை, சீடை, அதிரசம் என்று எட்டுப் பலகாரங்கள். எட்டுக்கும் ஒரே குடும்பமாகத் தெரியும் பாக்கெட் டிசைன் வேண்டும். டிசைனரிடம் பேசிவிட்டு, “நாற்பதாயிரத்தில் முடிச்சுக் கொடுங்க” என்கிறார்.

டிசைனர் மனக்கணக்குப் போடுகிறார். முதல் பாக்கெட்டில்தான் எல்லா முடிவுகளும் எடுக்கப்படும் என்பதால் அதற்கு 18 மணி நேரம். மற்ற ஏழுக்கும் அதே அமைப்பை மாற்றிப் பொருத்த ஆளுக்கு இரண்டரை மணி வீதம் பதினேழரை. அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு தயாரிக்கப் பாக்கெட்டுக்கு ஒரு மணி வீதம் எட்டு. பேச்சு, திருத்தம் எல்லாம் சேர்த்து ஒன்பதரை. மொத்தம் 53 மணி நேரம். நாற்பதாயிரம் என்றால் மணிக்கு 750 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. பரவாயில்லை என்று தோன்றும்.

இந்த 53 மணி நேரத்தில் அடங்காதவை எவை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். உணவுப் பாக்கெட் என்பது வெறும் படமும் பெயரும் இல்லை. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சேர்மானங்களின் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள், சைவக் குறியான பச்சை வட்டம், எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். நிகர எடையும் அதிகபட்ச விலையும் எந்த உயரத்தில் அச்சாக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஊட்டச்சத்து விவரம் ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். அது பெரும்பாலும் டிசைன் பாதி முடிந்த பிறகுதான் வந்து சேரும். எட்டு அட்டவணையையும் நிரப்பிச் சரிபார்க்கப் பாக்கெட்டுக்கு அரை மணி என்றால் நாலு மணி நேரம்.

அடுத்தது அச்சகம். பவுச்சின் அளவு, மடியும் இடம், ஒட்டும் விளிம்பு எல்லாவற்றையும் காட்டும் வரைபடத்தை, அதாவது டை-லைனை அச்சகத்தார் கொடுப்பார்கள். அதன் மேல்தான் டிசைனர் வேலை செய்கிறார். நிற்கும் பவுச் வேண்டாம், சாதா பவுச் போதும் என்று நடுவில் முடிவு மாறினால் எட்டையும் திரும்ப அடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு எட்டு மணி நேரம். பிறகு, “கடைக்காரர் அரைக் கிலோ பாக்கெட்டும் கேக்குறார், நாலு பலகாரத்துக்கு மட்டும் அதையும் பண்ணிடுங்க” என்பார் முதலாளி. அதற்கும் எட்டு மணி நேரம். எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு குடும்பத்தில் ஒருவர் பார்த்து, சிவப்பு கொஞ்சம் அடிக்கிறது, மெரூன் ஆக்கலாமே என்பார். எட்டிலும் மாற்ற ஆறு மணி நேரம்.

கூட்டினால் 26 மணி நேரம். வேலை 53-லிருந்து 79-க்கு வந்துவிட்டது. மொத்தத் தொகை அதே நாற்பதாயிரம் என்றால் டிசைனருக்கு மணிக்கு ஐநூறு ரூபாய்ச் சொச்சம்தான் மிஞ்சும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. முதலாளி கேட்ட ஒவ்வொன்றும் நியாயமானது, தேவையானதும்கூட. தொடங்கும்போது இருவருக்குமே தெரியாதிருந்தது, அவ்வளவுதான்.

மொத்தத் தொகை இந்தத் தெரியாமையை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை. அதை ஒருவர் தலையில் இறக்கி வைக்கிறது. டிசைனர் புதியவராக இருந்தால் அவர் தலையில். அடிபட்டுத் தெளிந்தவராக இருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று முதலிலேயே அறுபத்தைந்தாயிரம் சொல்வார். அப்போது சுமை வாடிக்கையாளர் தலைக்கு மாறுகிறது. கடைசியில் அவர் ஒரு திருத்தமும் கேட்காமல் போனாலும், கேட்டிருக்கக்கூடிய திருத்தங்களுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருப்பார். இன்னொரு விளைவும் உண்டு. மொத்தத் தொகை பேசிய வேலையில் மூன்றாவது வாரத்துக்கு மேல் ஒவ்வொரு திருத்தமும் ஒரு சின்னச் சண்டையாகும். “இது முதல்லயே சொன்னதுதானே” என்பார் ஒருவர், “இது புதுசு சார்” என்பார் மற்றவர். டிசைனைப் பற்றிப் பேச வேண்டிய நேரமெல்லாம் இதில் போகும்.

வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்ததுதான். புது வீடு என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசுவார்கள். பழைய வீட்டு ரிப்பேர் என்றால் அனுபவமுள்ள கொத்தனார் நாள் கூலிக்குத்தான் வருவார். பூச்சை உதிர்த்தால் உள்ளே செங்கல் எந்த நிலையில் இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

மனக்கணக்கில் வேலையைக் குறைத்து மதிப்பிடுவது டிசைனர்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவரும் பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை. அது அவர்கள் ஒருவராகவே உட்கார்ந்து எழுதிய வேலை. டிசைன் வேலையில் ஆய்வகம், அச்சகம், முதலாளி, முதலாளியின் குடும்பம் என்று இத்தனை பேர் முடிவுகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே மணிக்கணக்கு. ஆனால் “என் ரேட் மணிக்கு 800 ரூபாய்” என்று ஒற்றை வரியில் பதில் போட்டால் எந்த வாடிக்கையாளரும் மிரளத்தான் செய்வார். எத்தனை மணி ஆகும், யார் எண்ணுவது, மெதுவாகச் செய்து மணியைக் கூட்டினால் எப்படித் தெரியும் என்று மூன்று கேள்விகள் உடனே எழும். இவை நேர்மையான கேள்விகள். பதில் கடிதம் இவற்றுக்குத்தான் விடை சொல்ல வேண்டும். நம் பலகாரக்காரருக்கு டிசைனர் இப்படித் தொடங்கலாம்:

“வணக்கம் சார். நாற்பதாயிரம் என்று நீங்கள் சொன்னதை யோசித்தேன். முதல் பாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னால் சொல்ல முடியும். ஆய்வக ரிப்போர்ட்டும் பவுச் அளவும் இன்னும் முடிவாகாததால் மற்றதற்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது மொத்தமாகச் சொன்னால் ஒன்று நான் கூட்டிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் உங்களிடம் வந்து நிற்க வேண்டும். அதனால் மணிக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் கணக்கில் 45-லிருந்து 65 மணி நேரம் ஆகும். அதாவது 36,000-லிருந்து 52,000 ரூபாய்க்குள். 52,000-ஐத் தாண்ட வேண்டுமானால் உங்களிடம் கேட்காமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய மாட்டேன்.”

இந்தப் பத்தியின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. முதலாளிக்குத் தேவைப்பட்டது ஒரு வரம்பு. “மொத்தமா எவ்வளவு” என்று அவர் கேட்டதே அதற்காகத்தான். உச்சவரம்பு சொல்லாத மணிக்கணக்கை அவர் ஏற்காதது முற்றிலும் சரி. இரண்டு எண்களைச் சொல்லும்போது சிறியது ஆசைக்காகச் சொன்னதாக இருக்கக் கூடாது. திருத்தமே வராவிட்டால் உண்மையிலேயே 45-ல் முடியும் என்றால்தான் 45 என்று எழுத வேண்டும்.

மணிக்கு 800 எங்கிருந்து வந்தது? இதைக் கடிதத்தில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் டிசைனருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பலர் செய்யும் கணக்கு இது: மாதம் அறுபதாயிரம் வேண்டும், 24 நாள், நாளைக்கு எட்டு மணி, ஆக 192 மணி நேரம், வகுத்தால் 312 ரூபாய். இந்தக் கணக்கில் வேலைக்குப் போனவர்கள் ஆறு மாதத்தில் திணறுவார்கள். சம்பளக்காரருக்கு லீவிலும் சம்பளம் உண்டு, கம்ப்யூட்டர் அலுவலகத்தினுடையது. தனியாகச் செய்பவருக்கு எஸ்டிமேட் போடுவது, புது ஆட்களிடம் பேசுவது, பில் அனுப்புவது, வராத பணத்துக்கு போன் போடுவது என்று வாரத்தில் பாதி நேரம் யாரும் பணம் தராத வேலையில் போகும். வருடத்தில் பண்டிகை, காய்ச்சல், ஊர்ப்பயணம் எல்லாம் கழித்து 46 வாரம், வாரத்துக்குப் பில் போடக்கூடிய நேரம் 24 மணி என்று வைத்தால் 1,104 மணி நேரம்தான் கையில் இருக்கும். வருட வருமானம் 7,20,000. மென்பொருள், இணையம், மின்சாரம், கம்ப்யூட்டர் தேய்மானம் இவற்றுக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000. இரண்டையும் கூட்டி 1,104-ஆல் வகுத்தால் 782 ரூபாய் சொச்சம் வரும். 800 என்பது பேராசை இல்லை. ஊருக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை இதுதான்.

எண்ணுவது எப்படி என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும்:

“கால் மணி நேரக் கணக்கில் குறித்து வைப்பேன். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரக் கணக்கை அனுப்புவேன். டிசைன் வேலை, நீங்கள் கேட்கும் திருத்தம், உங்களோடும் அச்சகத்தாரோடும் பேசும் நேரம் இவை கணக்கில் வரும். என் தவறைச் சரிசெய்யும் நேரமும், எனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நேரமும் வராது. முதல் பத்து மணி நேரத்துக்கான 8,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தால் திங்கள்கிழமை தொடங்கிவிடலாம்.”

எது கணக்கில் வராது என்று எழுதுவதுதான் நம்பிக்கையைத் தரும். அதிலும் சொந்தத் தவறைத் திருத்தும் நேரத்தை வெளியே வைப்பது முக்கியம். அட்டவணையில் புரத அளவைத் தப்பாகத் தட்டச்சு செய்தது டிசைனர் என்றால் அதற்கு முதலாளி ஏன் பணம் கொடுக்க வேண்டும்? வாரக் கணக்கில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால், “செவ்வாய், 10.15 – 12.00, தட்டை பாக்கெட் பின்பக்கம், அட்டவணையும் சேர்மானமும் பொருத்தியது” என்றோ, “புதன், 4.00 – 4.45, பவுச் அளவு மாற்றம் பற்றி அச்சகத்தோடு பேசி, புது டை-லைன் வாங்கிச் சரிபார்த்தது” என்றோ இருக்க வேண்டும். “டிசைன் வேலை, 6 மணி நேரம்” என்று மொத்தமாக வரும் கணக்கைப் பார்த்தால் வாடிக்கையாளர் சந்தேகப்படலாம். முழு எண்களாகவே வரும் கணக்கும் அப்படித்தான். உண்மையான நாள் எதுவும் சரியாக நாலு மணி, ஆறு மணி என்று முடிவதில்லை.

நேரத்தை எண்ண கிளாக்கிஃபை, டாகிள் போன்ற செயலிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வேலைகளுக்கு டிசைனர்கள் பயன்படுத்தும் அப்வொர்க் தளம், மணிக்கணக்கு வேலைகளில் மணிக்கு ஆறு முறை திரையைப் படம் பிடித்து வாடிக்கையாளருக்குக் காட்டுகிறது. முகம் தெரியாத இருவருக்கு நடுவில் அது தேவைப்படலாம். ஒரே ஊரில், போனில் பேசிக்கொள்ளும் இருவருக்கு விவரமான வாரக் கணக்கு போதும். ஒருவர் திரையை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல வேலைக்கு உதவும் என்று தோன்றவில்லை.

மெதுவாகச் செய்து மணியைக் கூட்டினால்? இந்தப் பயம் கற்பனை இல்லை. மணிக்கணக்கை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் அமெரிக்க வழக்கறிஞர்கள். அங்கே வழக்கறிஞர் சங்கம் 1958-ல் வெளியிட்ட ஒரு சிறு வெளியீடு, நேரத்தைக் குறித்து வைப்பவர்களே அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று சொல்லி அந்தப் பழக்கத்தைப் பரப்பியது. பிறகு வந்த பல பத்தாண்டுகளாக அங்கே ஓயாத புகார், மணிகள் ஊதிப் பெருக்கப்படுகின்றன என்பதுதான். இதற்கு ஒரே மருந்து வரம்பும், நடுவழியில் நிறுத்தும் உரிமையும். அதனால் கடிதத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: “52 மணி நேரம் ஆனதும் எங்கே நிற்கிறோம், என்ன மீதி என்று எழுதுவேன். எந்த வாரக் கணக்கு திருப்தியாக இல்லையோ, அந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை பணம் கொடுத்த கோப்புகள் உங்களுடையவை.”

52 என்பது 65-ல் ஐந்தில் நாலு பங்கு. அந்த இடத்தில் எழுதினால்தான் முதலாளிக்கு முடிவெடுக்க நேரம் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள். டிசைனர் எழுதுகிறார்: அட்டவணைக்கு நாலு, புது பவுச் அளவுக்கு எட்டு, இரண்டும் தவிர்க்க முடியாதவை, சேர்த்தால் 65-ல் முடியும். அரைக் கிலோ பாக்கெட்டுக்கு எட்டு, நிறமாற்றத்துக்கு ஆறு, இவை வேண்டுமானால் வரம்பைத் தாண்டி 11,200 ரூபாய் கூடுதல். முதலாளி யோசிக்கிறார். அரைக் கிலோவைத் தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நிறத்தைப் பற்றி வீட்டில் பேசுகிறார், சிவப்பே இருக்கட்டும் என்று முடிவாகிறது. மொத்தத் தொகை பேசியிருந்தால் இரண்டையுமே கேட்டிருப்பார், ஏனென்றால் அவருக்குக் கூடுதலாகச் செலவில்லை. ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலை தெரியும்போதுதான் எது அவசியம், எது ஆசை என்று பிரிக்க முடிகிறது. இந்த முடிவுகள் அச்சுக்குப் போவதற்கு முன் நடப்பதும் முக்கியம். பெரிய அளவில் பவுச் அச்சடிக்கும் கிராவ்யூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோக சிலிண்டர் செதுக்குவார்கள். செதுக்கிய பிறகு ஓர் எழுத்தை மாற்ற நினைத்தால், அந்த நிறத்தின் சிலிண்டரையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

மணிக்கணக்கு எல்லா வேலைக்கும் பொருந்தாது. லோகோ அதற்கு நல்ல உதாரணம். 1971-ல் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவி கேரலின் டேவிட்சன், மணிக்கு இரண்டு டாலர் என்ற கணக்கில் நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டுச் சின்னத்தை வரைந்து 35 டாலருக்கு பில் கொடுத்தார். நிறுவனம் வளர்ந்த பிறகு, 1983-ல்தான் அவருக்குப் பங்குகளும் மோதிரமும் கொடுத்து கௌரவித்தார்கள். 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குச் சின்னம் கேட்டபோது, மூத்த டிசைனர் பால் ராண்ட் ஒரு லட்சம் டாலர் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு டிசைனைத்தான் கொடுத்தார். சின்னத்தின் மதிப்பு அதை வரைய ஆகும் நேரத்தில் இல்லை. முப்பது வருட அனுபவத்தால் மூன்று மணி நேரத்தில் முடிப்பவருக்கு, முப்பது மணி நேரம் தடுமாறுபவரைவிடக் குறைவாகக் கொடுப்பது மணிக்கணக்கின் மிகப் பெரிய ஓட்டை. நம் பலகாரக்காரருக்குச் சின்னமும் வேண்டும் என்றால், அதற்குத் தனியாக ஒரு தொகை பேசிவிட்டு, பாக்கெட்டுகளை மட்டும் மணிக்கணக்கில் வைப்பதே முறை. அதன் பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதையும் எழுத்தில் கையெழுத்தோடு வைக்க வேண்டும், 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது.

அளவும் அமைப்பும் முடிவாகிவிட்ட வேலைக்கும் மணிக்கணக்கு வேண்டியதில்லை. எட்டுப் பாக்கெட்டும் அச்சுக்குப் போன பிறகு, அடுத்த மாதம் ஒன்பதாவதாக ரிப்பன் பக்கோடா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது டிசைனரிடம் வாரக் கணக்குகள் இருக்கின்றன. அமைப்பு தயார், பவுச் அளவு தெரியும், அட்டவணை எங்கே வரும் என்பதும் தெரியும். ஒரு பாக்கெட்டுக்கு உண்மையில் மூன்றரை மணி நேரம் ஆகிறது என்று கணக்கே சொல்கிறது. அப்போது அவர் தயங்காமல் எழுதலாம்: “சார், இனி வரும் பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் மொத்தமாக 2,800 ரூபாய். ரிப்போர்ட் கையில் இருந்தால், இரண்டு நாளில் அச்சுக்குக் கோப்பு அனுப்பிவிடுகிறேன்.”